எந்த மாதம் போவீர்கள்? ஒரு முனைவர் பட்ட முன்மொழிவு திருத்தப்பட்ட விதம்

முனைவர் பட்டச் சேர்க்கைக்கான நேர்காணலில் என் மாணவியிடம் அதிகம் கேட்கவில்லை. முன்மொழிவைப் புரட்டிக்கொண்டே ஒரு பேராசிரியர், “களப்பணிக்கு எந்த மாசம் போவீங்க?” என்றார். ஜூன் முதல் ஆகஸ்ட் வரை என்று இவள் சொன்னாள். “அப்ப தென்கடல்ல பொம்பளைங்க இறங்குவாங்களா?” என்று அடுத்த கேள்வி வந்தது. பாம்பன் பக்கத்தில் பிறந்து வளர்ந்த பெண் இவள். அம்மாவும் சித்தியும் கடல்பாசி எடுப்பவர்கள். பதில் அவளுக்கு நன்றாகவே தெரியும். தென்மேற்கிலிருந்து வீசும் கச்சான் காற்று காலத்தில் தென்கடல், அதாவது மன்னார் வளைகுடா, கொந்தளிக்கும், பல நாள் யாரும் போக மாட்டார்கள். அது தெரிந்திருந்தும் முன்மொழிவில் ஜூன், ஜூலை, ஆகஸ்ட் என்று எழுதியிருந்தாள். அந்த முறை இடம் கிடைக்கவில்லை.

ராமநாதபுரத்தில் ஒரு கல்லூரியில் நான் பாடம் நடத்துகிறேன். மறு ஆண்டு விண்ணப்பத்துக்காக அந்த முன்மொழிவை இருவரும் உட்கார்ந்து பிரித்துப் போட்டோம். எட்டு வாரம் ஆனது. எது எங்கே பிசகியது, எப்படிச் சரிசெய்தோம் என்பதை வரிசையாகச் சொல்கிறேன்.

முதல் முன்மொழிவின் தலைப்பு, “மன்னார் வளைகுடாக் கடலோரப் பெண்களின் வாழ்வாதாரத்தில் காலநிலை மாற்றத்தின் தாக்கம்: ஓர் ஆய்வு.” அதன் கீழே ஏழு நோக்கங்கள். பெண்களின் சமூகப் பொருளாதார நிலையை ஆராய்தல், காலநிலை மாற்றம் பற்றிய விழிப்புணர்வைப் புரிந்துகொள்ளுதல், அரசுத் திட்டங்களின் பயனை மதிப்பிடுதல், தீவுகளைச் சுற்றிப் பாசி எவ்வளவு அடர்த்தியாக வளர்ந்திருக்கிறது என்று அளத்தல், கடைசியாகக் கொள்கைப் பரிந்துரைகள் வழங்குதல் என்று நீண்டது. நான் ஒவ்வொன்றுக்கும் எதிரே ஒரே கேள்வியை எழுதினேன். மூன்று வருடம் கழித்து இது முடிந்ததா இல்லையா என்று உனக்கு எப்படித் தெரியும்? ஆராய்தல், புரிந்துகொள்ளுதல் என்ற சொற்களுக்கு முடிவே கிடையாது. எங்கே நிறுத்தினாலும் ஆராய்ந்ததாகச் சொல்லிவிடலாம். நேர்காணல் குழுவில் இருப்பவர்கள் அந்தச் சொல்லைப் பார்த்ததுமே, இந்த மாணவி எதை அளக்கப் போகிறார் என்று இன்னும் முடிவு செய்யவில்லை என்பதைக் கண்டுகொள்வார்கள்.

அடர்த்தி அளப்பதில் வேறொரு சிக்கல் இருந்தது. இங்கே உள்ள 21 தீவுகளும் 1986இல் கடல்சார் தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டவை. அதற்குள் ஆய்வு செய்ய வனத்துறையின் அனுமதி வேண்டும், படகு வேண்டும், மூழ்கி அளக்கப் பயிற்சி பெற்ற ஆள் வேண்டும். சமூக அறிவியல் மாணவிக்கு இதில் ஒன்றும் கையில் இல்லை. ஒரே ஒரு நோக்கத்துக்காக முழுத் திட்டமும் அனுமதிக் கடிதத்துக்குக் காத்துக் கிடக்கும். அதை அன்றே வெட்டினோம்.

சரி, என்ன கேட்பது? அவளிடம் காகிதத்தை மூடிவைக்கச் சொல்லிவிட்டு, “உங்க வீட்டுல இதப்பத்தி என்ன சண்டை நடக்கும்?” என்று கேட்டேன். யோசிக்காமலே சொன்னாள். “மிதவை போட்டாச்சே, இன்னும் எதுக்கு தீவுக்குப் போறேன்னு அப்பா கேப்பாரு மேடம். அது தனி, இது தனின்னு அம்மா சொல்லும்.”

அந்த ஒரு சண்டைக்குள் ஆய்வு இருந்தது. வெளியூர் வாசகர்களுக்காகக் கொஞ்சம் விளக்கம் தேவை. மண்டபம், பாம்பன் பக்கத்தில் நிலம் ஒடுங்கி, வடக்கே பாக் நீரிணையும் தெற்கே மன்னார் வளைகுடாவும் நடந்து போகும் தூரத்தில் இருக்கின்றன. ஊரில் வடகடல், தென்கடல் என்பார்கள். தென்கடலில் பெண்கள் கண்ணாடி மாட்டி, விரல்களில் துணி சுற்றிக்கொண்டு, மூழ்கி மரிக்கொழுந்துப் பாசி பறிப்பது நெடுநாள் தொழில். வடகடலில் 12 அடிக்கு 12 அடி மூங்கில் மிதவை கட்டி, கயிறுகளில் ஏறக்குறைய 60 கிலோ விதைப்பாசியைக் கட்டிவிட்டு 45 நாளில் அறுப்பது பின்னால் வந்தது. அந்தப் பாசியின் பெயர் கப்பாஃபைகஸ். பெப்சிகோ நிறுவனம் ஆரம்பத்தில் பரப்பியதால் ஊரில் இன்றும் அது பெப்சி பாசிதான். பெண்களுக்கு மிதவை கொடுத்தால் தீவுகளைச் சுற்றிப் பாசி பறிப்பது குறையும் என்பது மிதவை வளர்ப்புக்குச் சொல்லப்படும் காரணங்களில் ஒன்று. குறைகிறதா? அப்பா குறையணும் என்கிறார், அம்மா இரண்டும் வேறு வேறு என்கிறார். எண்ணிப் பார்க்கலாமே.

புதிய தலைப்பு இப்படி வந்தது: “மிதவைப் பாசி வளர்ப்பும் பெண்கள் இயற்கைப் பாசி பறிக்கும் நாட்களும்: மண்டபம், பாம்பன் கடலோரத்தில் ஓராண்டுக் கணக்கு.” காலநிலை மாற்றம் என்ற சொல் போனதில் அவளுக்கு வருத்தம். அந்தச் சொல் இருந்தால்தான் எடுபடும் என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள். ஆனால் ஒரு வருடக் கணக்கை வைத்துக்கொண்டு காலநிலையைப் பற்றி ஒரு வரிகூட நேர்மையாக எழுத முடியாது. அதற்குப் பத்திருபது வருடக் கணக்கு வேண்டும்.

நோக்கங்கள் மூன்றாகச் சுருங்கின. மிதவை வைத்திருக்கும் பெண்களும் வைக்காத பெண்களும் மாதத்துக்கு எத்தனை நாள் தென்கடலில் பாசி பறிக்கப் போகிறார்கள் என்று கணக்கிடுவது முதலாவது. மிதவை உள்ள பெண்களிடமே, மிதவை நீரில் இருக்கும் மாதங்களுக்கும் கரையேற்றி வைத்த மாதங்களுக்கும் அந்த எண்ணிக்கை மாறுகிறதா என்று ஒப்பிடுவது இரண்டாவது. இன்றைக்குத் தென்கடலா வடகடலா என்று வீட்டில் யார், எதை வைத்து முடிவு செய்கிறார்கள் என்பதை நேர்காணல் மூலம் பதிவு செய்வது மூன்றாவது. இந்த மூன்றும் முடிந்ததா என்பதை யார் வேண்டுமானாலும் பார்த்துச் சொல்லிவிடலாம். முதல் இரண்டுக்கும் விடை எண்ணாக வரும், மூன்றாவதற்கு 24 வீடுகளில் பதிவு செய்யப்பட்ட பேச்சாக வரும்.

முறையியலில்தான் எங்களுக்கு அதிக நாள் போனது. பழைய முன்மொழிவில், “200 பெண்களிடம் கேள்விப்பட்டியல் மூலம் தகவல் திரட்டப்படும்” என்ற ஒற்றை வரி மட்டும் இருந்தது. ஏன் 200 என்று கேட்டால் பதில் இல்லை, சீனியர் ஒருவர் 200 எடுத்தாராம். இதற்கெல்லாம் ஒரு கணக்கு இருக்கிறது. பாசிப் பெண்கள் தங்களுக்குள் பேசி வைத்துக்கொண்டபடி மாதத்தில் 12 நாள்தான் போவார்கள், அமாவாசையை ஒட்டி ஆறு, பௌர்ணமியை ஒட்டி ஆறு. அந்த 12இல் ஒருத்திக்கும் இன்னொருத்திக்கும் உள்ள ஏற்ற இறக்கத்தை, அதாவது திட்ட விலக்கத்தை, 3 நாள் என்று வைத்துக்கொண்டோம். மாதம் 2 நாள் வித்தியாசம் இருந்தால் அது நம் கண்ணில் பட வேண்டும், அதற்குக் கீழே இருந்தால் பெரிய விஷயமில்லை என்று முடிவு செய்தோம். 5 சதவீத முக்கியத்துவ நிலை, 80 சதவீதத் திறன் என்ற வழக்கமான அளவுகளுக்குக் கணக்கு இது:

```
n = 2 × (1.96 + 0.84)² × 3² ÷ 2² = 35.28
```

ஆக மிதவை உள்ளவர்கள் ஒரு பக்கம், இல்லாதவர்கள் ஒரு பக்கம் என்று வைத்தால் ஒரு பக்கத்துக்கு 36 பேர். நடுவில் ஐந்தில் ஒருவர் விலகலாம் என்று 45 ஆக்கினோம். அந்த 3 என்பது ஊகம், முன்னோட்டத்தில் சரிபார்த்துத் திருத்தப்படும் என்பதையும் முன்மொழிவிலேயே எழுதச் சொன்னேன். ஊகத்தை ஊகம் என்று எழுதினால் குழுவில் யாரும் மதிப்பைக் குறைக்க மாட்டார்கள். எங்கிருந்து வந்தது என்று தெரியாத எண்ணைப் பார்த்தால்தான் சந்தேகம் வரும்.

அந்தக் கணக்கில் ஒரு ஓட்டை இருந்ததை மாணவியின் சித்திதான் காட்டினார். ஒரு ஞாயிற்றுக்கிழமை அவர்கள் வீட்டில் உட்கார்ந்து பேசிக்கொண்டிருந்தோம். யார் யாரைச் சேர்ப்பது என்று பட்டியல் போட்டுக்கொண்டிருந்தாள். சித்தி எட்டிப் பார்த்துவிட்டு, “இவுங்க எட்டுப் பேரும் ஒரே வள்ளம் பாப்பா. ஒருத்தி போனா எட்டுப் பேரும் போவாக, வள்ளம் போகலைன்னா எட்டுப் பேரும் வீட்டுலதான்” என்றார். அதாவது அந்த எட்டுப் பேரின் நாட்கணக்கும் கிட்டத்தட்ட ஒரே கணக்கு. எட்டுப் பேரிடம் கேட்டோம் என்று நாம் எழுதுவோம், உண்மையில் ஒரு வள்ளத்திடம் கேட்டிருப்போம். புள்ளியியல் புத்தகங்களில் இதற்குக் கொத்து விளைவு என்று பெயர். புத்தகத்தில் அதைப் படித்தவர்கள்கூடத் தங்கள் களத்தில் எது கொத்து என்று அடையாளம் காணாமல் விட்டுவிடுவார்கள். இங்கே கொத்து என்பது ஊரோ சுய உதவிக் குழுவோ இல்லை, வள்ளம். ஒரு வள்ளத்திலிருந்து மூன்று பேருக்கு மேல் எடுப்பதில்லை, ஒவ்வொருவருக்கும் வள்ளத்தின் குறியீட்டையும் பதிவது, ஒரு பக்கத்துக்கு 45 என்பதை 60 ஆக உயர்த்துவது என்று மாற்றி எழுதினோம். மொத்தம் 120 பெண்கள்.

மிதவை கிடைத்த பெண்களும் கிடைக்காத பெண்களும் முதலிலேயே ஒரே மாதிரி இருந்தார்களா என்பது அடுத்த சிக்கல். பெரும்பாலும் இருக்க மாட்டார்கள். சுய உதவிக் குழுவில் இருந்தவளுக்குத்தான் மானியத்தில் மிதவை வரும், வடகரையில் இடம் கிடைக்க வேண்டும், வீட்டில் உதவிக்கு ஆளும் வேண்டும். ஏற்கெனவே தென்கடலுக்குக் குறைவாகப் போய்க்கொண்டிருந்தவர்களே மிதவைக்கு வந்திருந்தால், அந்த வித்தியாசத்தை மிதவையின் விளைவு என்று தப்பாகச் சொல்லிவிடுவோம். வயது, எத்தனை வருடமாகப் பாசி எடுக்கிறார், வீட்டில் வள்ளம் உண்டா என்ற மூன்றையும் வைத்து இணை சேர்ப்பது ஓரளவு உதவும், முழுசாக உதவாது. இரண்டாவது நோக்கம் இருப்பது இதற்காகத்தான். ஒரே பெண்ணை அவளோடேயே ஒப்பிட்டால் ஆள் வித்தியாசம் என்ற பிரச்சினை அங்கே எழாது.

ஆனால் அங்கே பருவம் குறுக்கே வரும். முதல் நேர்காணலில் கேட்ட அந்தக் கேள்வி முன்மொழிவின் நடுவுக்கே வந்தது இப்படித்தான். வாடைக்காற்று காலத்தில், அக்டோபர் கடைசியிலிருந்து டிசம்பர் வரை, வடகடல் கொந்தளிக்கும். மிதவை நிற்காது, கரையேற்றிவிடுவார்கள். அப்போது தென்கடல் அமைதி. கச்சான் காலத்தில், மே கடைசியிலிருந்து செப்டம்பர் வரை, நிலைமை தலைகீழ். இப்போது யோசித்துப் பாருங்கள். ஜூன் முதல் ஆகஸ்ட் வரை மட்டும் களத்தில் இருப்பவர் என்ன காண்பார்? மிதவையில் வேலை மும்முரம், தென்கடலுக்கு ஆள் போவது குறைவு. மிதவை வந்ததும் பறிப்பது குறைந்துவிட்டது என்று எழுதிவிடுவார். உண்மையில் குறைத்தது காற்று. நவம்பரில் மட்டும் போனவர் இதற்கு நேர் எதிராக எழுதுவார். இரண்டு பேரும் பொய் சொல்லவில்லை, ஆனால் இரண்டு பேரும் தப்பு.

இதைக் கண்டுபிடிக்க வழி இருக்கிறது. மிதவை இல்லாத பெண்களின் எண்ணிக்கையும் அதே மாதத்தில் அதே அளவு குறைந்தால் காரணம் காற்று. மிதவை உள்ளவர்களிடம் மட்டும் குறைந்தால் காரணம் மிதவை. அதனால் இரண்டு குழுவையும் வருடம் முழுக்கச் சேர்த்தே பார்க்க வேண்டும். அதோடு, இரண்டு கடலும் இடம் கொடுக்கும் ஒரு காலம் வேண்டும், அப்போதுதான் பெண்ணின் தேர்வு தெரியும். எந்த மாதம் என்று சித்தியிடமே கேட்டோம். “பொங்கல் கழிஞ்சு வாடை அடங்கும். அதுலருந்து பங்குனி வரைக்கும் எந்தப் பக்கம் வேணும்னாலும் போகலாம்” என்றார். ஜனவரி பாதியிலிருந்து மார்ச் கடைசி வரை. முன்மொழிவில் அதற்கு ‘இருகடல் காலம்’ என்று பெயர் வைத்தோம்.

கால அட்டவணை அதைச் சுற்றித்தான் எழுந்தது. பல்கலைக்கழக மானியக் குழுவின் 2022 விதிகளின்படி முனைவர் பட்டத்துக்குக் குறைந்தது 3 ஆண்டு, அதிகபட்சம் 6 ஆண்டு, அதற்குள் குறைந்தது 12 கிரெடிட் பாடநெறியும் உண்டு. ஜூலையில் சேர்க்கை என்று வைத்து 36 மாதத்தைப் பிரித்தோம். முதல் ஆறு மாதம் பாடநெறி, நெறிமுறைக் குழுவின் ஒப்புதல், வார இறுதிகளில் 12 பெண்களோடு முன்னோட்டம். ஜனவரியில் கணக்கெடுப்பு தொடங்கி 15 மாதம், அடுத்த ஆண்டு மார்ச் வரை. ஓராண்டு போதுமே, ஏன் 15 என்றால், இருகடல் காலம் இரண்டு முறை கிடைப்பதற்காக. ஒப்புதல் கடிதம் தாமதமாகி முதல் ஜனவரி தவறிப்போனாலும் இரண்டாவது கையில் இருக்கும். இந்தக் காரணத்தை அட்டவணைக்குக் கீழேயே இரண்டு வரியில் எழுதினாள். பிறகு ஏப்ரல் முதல் ஜூன் வரை மூன்றாவது நோக்கத்துக்கான நேர்காணல்கள். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம், விசைப்படகுக்குப் போகும் ஆண்கள் வீட்டில் இருப்பார்கள், யார் முடிவெடுக்கிறார்கள் என்பதைக் கணவன், மனைவி இரண்டு பேரிடமும் தனித்தனியாகக் கேட்கலாம். மீதி ஒரு வருடம் பகுப்பாய்வும் எழுத்தும்.

பதிவு செய்யும் விதத்தைச் சொல்ல வேண்டும். “போன மாதம் எத்தனை நாள் போனீர்கள்?” என்று கேட்டால் பத்து, பன்னிரண்டு என்று வாய்க்கு வந்த வட்டமான எண்தான் வரும். வாரம் ஒருமுறை சனிக்கிழமை போய்க் கேட்டாலும் சரிவராது. பறிக்கும் நாட்கள் நிலவோடு நகரும், ஒரு வாரம் முழுக்கப் போயிருப்பார்கள், அடுத்த வாரம் ஒருவரும் போயிருக்க மாட்டார்கள். அவர்கள் வீட்டுச் சுவரில் மளிகைக் கடையில் கொடுத்த மாதக் காலண்டர் தொங்கியது. அமாவாசைக்குக் கறுப்பு வட்டம், பௌர்ணமிக்கு வெறும் வட்டம். மாணவியின் அம்மா அதில் ஏற்கெனவே பாசி எடைபோட்ட நாளில் பென்சிலால் கோடு போட்டிருந்தார், வியாபாரியோடு கணக்குப் பார்க்க. அதையே கருவியாக எடுத்துக்கொண்டோம். ஒவ்வொரு பெண்ணுக்கும் ஒரு காலண்டர், இரண்டு கலர் பென்சில். தென்கடலுக்குப் போன நாளில் நீலம், மிதவை வேலைக்குப் போன நாளில் சிவப்பு. அமாவாசை, பௌர்ணமி கழிந்ததும் இவள் போய்ப் பார்த்துப் பதிவாள். மாதம் 240 சந்திப்பு, ஒன்றுக்கு 15 நிமிடம் என்றால் 60 மணி நேரம். ஒருத்தி தனியாகச் செய்யக்கூடியதுதான்.

நெறிமுறைப் பகுதியைப் பலர் ஒப்புக்கு எழுதுவார்கள், தகவல்கள் ரகசியமாக வைக்கப்படும் என்று. இங்கே அது போதாது. பூங்கா எல்லைக்குள் யார், எந்த நாளில், எங்கே போனார் என்று எழுதி வைத்தால் அந்த நோட்டே அந்தப் பெண்ணுக்கு எதிரான சாட்சியாகிவிடும். முதல் வரைவில் பறிக்கும் இடங்களை ஜிபிஎஸ் மூலம் குறிப்பதாக எழுதியிருந்தாள். எந்த நோக்கத்துக்கு அது தேவை என்று கேட்டேன். மூன்றில் ஒன்றுக்கும் தேவையில்லை. நாள் வேண்டும், எந்தக் கடல் என்பது வேண்டும், இடம் வேண்டாம். எனவே, தீவின் பெயர் கேட்கப்படாது, தானாகச் சொன்னாலும் எழுதப்படாது, காலண்டரில் பெயருக்குப் பதில் எண் மட்டும் இருக்கும், பெயரும் எண்ணும் சேர்ந்த பட்டியல் தனியாகப் பூட்டி வைக்கப்படும் என்று நான்கு வாக்கியம் எழுதினோம்.

எதிர்பார்க்கும் பங்களிப்பு என்ற பகுதியில் பழைய முன்மொழிவு, “இவ்வாய்வு கொள்கை வகுப்பாளர்களுக்குப் பெரிதும் பயன்படும்” என்றது. புதியதில் விடை எப்படி வந்தால் என்ன தெரியவரும் என்று எழுதச் சொன்னேன். இருகடல் காலத்தில் மிதவைப் பெண்கள் குறைவாகப் போனால், மிதவை பறிப்புக்கு மாற்றாக நிற்கிறது, எத்தனை நாளுக்கு என்றும் சொல்ல முடியும். வித்தியாசமே இல்லையென்றால், மிதவை கூடுதல் வருமானம், அம்மா சொன்னதுபோல அது தனி இது தனி. அப்படியானால் மிதவையின் எண்ணிக்கையை வைத்துத் தீவுப் பாசிக்கு ஓய்வு கிடைத்ததாகக் கணக்குக் காட்ட முடியாது. நீரில் மிதவை இருக்கும்போது குறைந்து, வாடையில் மறுபடி ஏறினால், அந்த ஓய்வு சில மாதங்களுக்கு மட்டும். மூன்றில் எது வந்தாலும் எழுத விஷயம் இருக்கிறது. ஒரு விடை வந்தால் மட்டும் ஆய்வு நிற்கும், மற்றது வந்தால் ஒன்றுமில்லை என்று இருந்தால் அந்தக் கேள்வியைக் கொண்டுபோகக் கூடாது.

என்ன சொல்ல முடியாது என்பதும் ஒரு பத்தியாகச் சேர்ந்தது. நாட்கள் குறைந்தால் பாசி பெருகியது என்று ஆகாது, இவள் கடலடியை அளக்கவில்லை. கப்பாஃபைகஸ் பவளத்தின் மேல் பரவுவது பற்றி 2008 முதலே ஆய்வுகள் உண்டு, அந்த விவாதத்துக்குள் இந்த ஆய்வு போகாது. முன்னாய்வு பற்றி, “இதுவரை யாரும் ஆராயவில்லை” என்று இருந்ததை அடித்துவிட்டு, எந்தச் சொற்களை வைத்து எந்த ஆண்டிலிருந்து தேடினாள், அதில் மிதவை வருமானத்தைப் பேசுபவை எவை, பறிக்கும் நாட்களை எண்ணியவை எவை என்று பிரித்து எழுதினாள்.

இரண்டாவது நேர்காணலில் அட்டவணையைப் பற்றி ஒரு கேள்வியும் வரவில்லை. காலண்டரை வாங்கிப் பார்த்த ஒரு பேராசிரியை, “மிதவை இல்லாத பொண்ணு அடுத்தவங்க மிதவையில கூலிக்கு விதை கட்டப் போனா எந்தக் கலர்மா?” என்று கேட்டார். நாங்கள் இரண்டு பேரும் அதை யோசித்திருக்கவில்லை. கூலி வேலையும் தென்கடல் நாட்களைக் குறைக்கும், ஆனால் அந்தப் பெண் எங்கள் கணக்கில் மிதவை இல்லாதவள். இரண்டு குழுவுக்கும் இடையிலான வித்தியாசம் இருப்பதைவிடச் சிறிதாகத் தெரியும். இவள் கொஞ்சம் யோசித்து, அதைத் தனியாகக் குறிக்க வேண்டும், முன்னோட்டத்தில் எத்தனை நாள் வருகிறது என்று பார்த்துவிட்டுக் குழுவை இரண்டாக வைப்பதா மூன்றாகப் பிரிப்பதா என்று முடிவு செய்வேன் என்றாள்.

இடம் கிடைத்தது. காலண்டரோடு கொடுக்கும் பென்சில் இப்போது மூன்று. கூலிக்குப் போன நாளுக்குப் பச்சை.